அஞ்சிதீவில் சுட்டதற்குக் கோவாவா?



இடுக்கி மலையில் முல்லைப்பெரியாறு அணைக்காகத் தமிழ்நாடும் கேரளமும் எத்தனை ஆண்டு மல்லுக்கு நின்றன! கடைசியில் 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. இரண்டு மாநிலத்துக்கும் மேலே ஒரு நீதிமன்றம் இருந்தது. இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால் அப்படிக் கட்டாயமாக இழுத்து நிறுத்த யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் 1945இல் ஐ.நா. சாசனத்தில் ஒரு விதி எழுதினார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைக் காட்டக்கூடாது, மிரட்டவும் கூடாது. இது இரண்டாம் பிரிவு. ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம், ஆனால் உடனே பாதுகாப்பு அவைக்குத் தெரிவிக்க வேண்டும். இது 51ஆம் பிரிவு. அந்த எதிரடியும் தேவையான அளவுக்கே இருக்க வேண்டும், வாங்கிய அடிக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது நாடுகளுக்கிடையே வழக்கமாக வந்த சட்டம்.

இந்த அளவுகோலை நம்மீதே வைத்துப் பார்ப்போம். 1961 நவம்பரில், கார்வாருக்கு எதிரே அஞ்சிதீவிலிருந்த போர்ச்சுகீசியர் ‘சபர்மதி’ கப்பலைச் சுட்டார்கள். சில நாளில் ஒரு மீன்பிடிப் படகையும் சுட்டார்கள், ஒரு மீனவர் இறந்தார். அது அக்கிரமம்தான். அடுத்த மாதம் 18ஆம் தேதி நம் படை கோவாவுக்குள் நுழைந்தது. மறுநாளே கோவா நம் கையில்.

அந்தச் சூட்டுக்குப் பதிலாகச் சுட்ட துப்பாக்கியை அடக்கியிருந்தால் அது தற்காப்பு. ஒரு பிரதேசம் முழுவதையும் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கில் அடங்குமா? அடங்காது.  பாதுகாப்பு அவையில் நம் தூதர் சி.எஸ்.ஜாவும் தம் வாதத்தைக் காலனி ஆட்சியின் மீது நிறுத்தினார். 450 ஆண்டு அடிமைத்தனத்தால் போர்ச்சுகலுக்கு உரிமை பிறக்காது, நம் மண்ணுக்குள் நாம் போவது ஆக்கிரமிப்பு ஆகாது என்றார்.

போர் நிறுத்தமும் படை விலகலும் கோரிய தீர்மானத்துக்கு ஏழு நாடுகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் இலங்கையும் உண்டு. ஆனால் தீர்மானத்தை வீழ்த்தியது சோவியத்தின் வீட்டோ. அதாவது, நாம் சொன்னது சரி என்று அவை தீர்ப்புச் சொல்லவில்லை, தீர்மானம் தடுக்கப்பட்டது, அவ்வளவே. போர்ச்சுகல் நம் உரிமையை ஏற்றுக்கொண்டது 1974இல், அங்கே சர்வாதிகாரம் கவிழ்ந்த பிறகு.

கோவா விடுதலை நியாயமானது என்றே நானும் சொல்கிறேன். ஆனால் அதற்குத் தற்காப்பு என்று பெயர் சூட்டாதீர்கள். ஒரு படகு சுடப்பட்டதற்காக ஒரு நிலத்தையே எடுக்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்டால், நாளை நம்மைவிடப் பெரிய நாடு அதே காரணத்தோடு சின்ன நாட்டுக்குள் நுழையும்போது தடுத்துப் பேச நமக்கு வாயிருக்காது.

ஆகவே, எந்த நாடு ‘தற்காப்பு’ என்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: உன்மீது தாக்குதல் நடந்ததா? வேறு வழியே இல்லையா? அடித்த அடி வாங்கிய அடிக்கு ஏற்றதா? நம் நாட்டையும் அப்படியே கேளுங்கள்.