குளிச்சதும் கால் ஏன் சாம்பல் பூக்குது?

நான் தச்சநல்லூர்.

என் மகளுக்கு நல்ல கருத்த தோல். குளிச்சு ஈரம் காய்ஞ்சதும் முழங்காலும் கெண்டைக்காலும் சாம்பல் பூசினாப்ல வெளுத்துப்போகும். கூடப் படிக்கிற பிள்ளைகள், "நீ தேய்ச்சுக் குளிக்கலையா?"ன்னு கேட்டுட்டாங்கன்னு அழுதுட்டு வந்தா. நானும் அழுக்குன்னு நெனைச்சு, சோப்புப் போட்டு பீர்க்கங்கூட்டால அழுத்தித் தேய்ச்சேன். இன்னும் கூடிட்டு.

அது அழுக்கு இல்லை. சோப்பும் சுடுதண்ணியும் தோலோட எண்ணெய்ப் பசையை எடுத்துடும். அப்போ மேல்தோல் காய்ஞ்சு, பொடிப்பொடி செதிலாக் கிளம்பும். எல்லா நிறத்துக்கும் இது உண்டு. கருத்த தோலில்தான் பளிச்சுன்னு தெரியும். நகத்தால லேசாக் கீறினா வெள்ளைக் கோடு விழும், தண்ணி தொட்டா மறையும்.

இப்போ அவளுக்கு வெதுவெதுப்பான தண்ணிதான். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால ஒற்றிட்டு, ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவோம். எண்ணெய் அந்த ஈரத்தைப் போகவிடாது. காய்ஞ்ச பிறகு தடவினா அந்தப் பலன் இல்லை. ஒரு வாரத்தில கால் ஒரே நிறமாத் தெரிஞ்சுது.

எண்ணெய் தடவியும் போகாத வெளுத்த படை இருந்தா, அதுவும் தொட்டா உணர்ச்சி இல்லைன்னா, ஆரம்ப சுகாதார நிலையத்தில உடனே காட்டிருங்க.