கடையைத் தாங்கும் சில பொருள்கள்



வணிகக் குடும்பங்களில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேளையில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. கடையில் எத்தனையோ பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன; கைமுதலோ ஓர் அளவுக்குட்பட்டது. அந்த முதலை எந்தப் பொருளில் இட வேண்டும், எதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. பெரும்பாலோர் இதற்குப் பழக்கத்தையும் நினைவையும் கொண்டே விடை காண்கின்றனர். அடிக்கடி கை நீட்டி எடுத்துக் கொடுக்கும் பொருளே மிகுதியாக விற்பதாக நினைவு சொல்லும். ஆனால் கை எத்தனை முறை நீண்டது என்பது வேறு. கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அதற்குக் குவிவுப் பங்குக் கணக்கு என்று பெயரிடலாம்.

இதன் வரலாறு சுருக்கமானது. இத்தாலியரான வில்பிரடோ பரேட்டோ, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். ஒரு நாட்டின் வருமானம் மக்களிடையே எவ்வாறு பரவியுள்ளது என்பதை 1896-97 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். வருமானத்தின் குவிவுப் பங்கைக் கோடாக வரைந்து காட்டும் முறையை அமெரிக்கரான மாக்ஸ் லோரன்ஸ் 1905இல் வெளியிட்டார். பின்னர்த் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டில் புகழ்பெற்ற ஜோசப் ஜுரான், சில காரணங்களே பெரும்பாலான குறைகளை விளைவிக்கின்றன என்பதைக் கண்டு, அதற்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டினார். பரேட்டோ வருமானத்தைப் பற்றி மட்டுமே கூறினார் என்பதையும், அதை எல்லாவற்றுக்கும் பொருத்தியது தாமே என்பதையும் ஜுரானே 1975இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். ஆகவே, "நூற்றில் இருபது, எண்பதைத் தரும்" என்று வழங்கும் சொல்லை ஓர் இயற்கை விதியாகக் கொள்ளுதல் கூடாது. ஒவ்வொரு கடையும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

கணக்கிடும் முறை நான்கே படிகளில் முடியும். முதலில் ஒவ்வொரு பொருளின் விற்பனைத் தொகையையும், வரியையும் திரும்பி வந்த சரக்கையும் கழித்து எழுதுக. அடுத்து, மிகப் பெரிய தொகை மேலே வருமாறு இறங்கு வரிசையில் அமைக்க. பின்னர் ஒவ்வொரு தொகையும் மொத்த விற்பனையில் நூற்றுக்கு எவ்வளவு என்று காண்க. இறுதியாக, மேலிருந்து கீழாக அப்பங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வருக. கடைசி வரியில் நூறு வரவேண்டும். வரவில்லையெனில் ஏதோ ஒரு பொருள் விடுபட்டது அல்லது இருமுறை சேர்ந்தது என்று அறியலாம். வரிசைப்படுத்தாமல் கூட்டினாலும் கடைசியில் நூறுதான் வரும். ஆனால் அந்தக் கூட்டல் எதையும் உணர்த்தாது.

எடுத்துக்காட்டாகச் சிற்றூர்க் கடைத்தெருவில் உள்ள ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்து கொள்ளலாம். அதன் மாத விற்பனை சராசரியாக 5,00,000 ரூபாய். பொருள்கள் பத்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

| பொருள் | விற்பனை (ரூ.) | பங்கு (%) | குவிவுப் பங்கு (%) |
|---|---|---|---|
| அரிசி | 1,60,000 | 32 | 32 |
| சமையல் எண்ணெய் | 1,10,000 | 22 | 54 |
| பருப்பு வகைகள் | 80,000 | 16 | 70 |
| சர்க்கரை, வெல்லம் | 45,000 | 9 | 79 |
| மிளகாய், மல்லி, மஞ்சள் | 30,000 | 6 | 85 |
| காப்பித்தூள், தேயிலை | 25,000 | 5 | 90 |
| சோப்பு வகைகள் | 20,000 | 4 | 94 |
| பூசைப் பொருள்கள் | 15,000 | 3 | 97 |
| தின்பண்டங்கள் | 10,000 | 2 | 99 |
| தீப்பெட்டி முதலியன | 5,000 | 1 | 100 |

பத்தில் நான்கு வகைகளே 79 விழுக்காடு விற்பனையைத் தருகின்றன. இங்கு நாற்பதுக்கு எழுபத்தொன்பது என்னும் விகிதமே வந்துள்ளது. இருபதுக்கு எண்பது வரவில்லை. அதனால் கணக்கில் பிழை ஏதும் இல்லை. முன்னது பொருள்களின் எண்ணிக்கையை அளப்பது. பின்னது பணத்தை அளப்பது. அவ்விரண்டும் கூடி நூறாக வேண்டும் என்பதில்லை. பத்து வகையும் சமமாகப் பத்துப் பத்து விழுக்காடு தருமாயின், கூட்டல் பத்து, இருபது, முப்பது என ஒரே சீராக ஏறும். அத்தகைய கடையில் "முக்கியமான சில" என்பது இல்லவே இல்லை என்று பொருள்.

இந்தப் பட்டியலின் முதற்பயன் கவனத்தைப் பங்கிடுவதாகும். அரிசி மூன்று நாள் கையிருப்பில் இல்லையென்றால் 16,000 ரூபாய் விற்பனை தடைப்படும். தீப்பெட்டி மாதம் முழுவதும் இல்லாவிடினும் தடைப்படுவது 5,000 ரூபாய்தான். மேலேயுள்ள நான்கு வகைகளின் இருப்பை வாரந்தோறும் எண்ணுதல், அவற்றுக்கு இரண்டு மூன்று மொத்த வணிகரிடம் விலை கேட்டல் என்பன உழைப்புக்கு ஏற்ற பலன் தருவன. கீழுள்ளவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சேர்த்து வாங்கிவிடலாம்.

இவ்விடத்தில்தான் பலரும் ஒரு தவறான முடிவுக்குத் தாவுகின்றனர். கீழே உள்ளவை சிறியவை. ஆதலால் அவற்றை நீக்கிவிடலாம் என்று கருதுகின்றனர். விற்பனைப் பட்டியல் அவ்வாறு சொல்லவில்லை. அதே கடையின் மொத்த இலாபத்தை, அதாவது விற்ற தொகையில் கொள்முதல் விலை போக எஞ்சியதை, இன்னொரு பட்டியலாக எழுதினால் இது விளங்கும். அக்கடைக்கு மாதம் 40,000 ரூபாய் எஞ்சுகிறது என்று கொள்க. அதில் அரிசி 8,000, எண்ணெய் 6,600, பருப்பு 6,400, மிளகாய் முதலியன 6,000 தருகின்றன. அடுத்து ஐந்தாம் இடத்தில் நிற்பது 4,500 ரூபாய் தரும் பூசைப் பொருள்கள். விற்பனையில் அவை எட்டாம் இடத்தில் இருந்தவை. விற்பனையில் நான்காம் இடம் பெற்ற சர்க்கரையோ, அடுத்த கடையோடு விலைப் போட்டி இருப்பதால், 1,000 ரூபாய் மட்டுமே தந்து ஒன்பதாம் இடத்துக்கு இறங்குகிறது.

அப்படியானால் சர்க்கரையை நிறுத்திவிடலாமா? அதுவும் ஆகாது. சர்க்கரை வாங்க வந்தவரே அரிசியும் பருப்பும் வாங்கிச் செல்கிறார். இதை ஊகத்தால் அன்றி, பில்களைக் கொண்டே அறியலாம். ஒரு வாரத்துப் பில்களில் சர்க்கரை இடம்பெற்றவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தல் போதும். அத்தொகை பெரிதாயின், அப்பொருள் தானாக ஈட்டாவிடினும் பிறவற்றை ஈட்டித் தருகிறது என்று கொள்ளலாம். அப்பில்களில் பெரும்பாலானவை சர்க்கரையோடு முடிந்திருந்தால், அது அவ்வாறு துணை செய்யவில்லை.

வகைகளை எதையும் நீக்க இயலாதெனில், முதலை எங்கிருந்து விடுவிப்பது? விடை பட்டியலின் அடியில் இல்லை, முடியில் இருக்கிறது. "அரிசி" என்பது ஒரு வரியாக எழுதப்பட்டாலும் அது ஒரு பொருள் அன்று. அக்கடையில் எட்டு வகை அரிசி உள்ளன. அந்த 1,60,000 ரூபாயைப் பிரித்து அதற்கும் குவிவுப் பங்கு கண்டால், ஒரு குறிப்பிட்ட ஆலையின் பொன்னி புழுங்கலரிசி 90,000 ரூபாயும், இட்லி அரிசி 35,000 ரூபாயும் தருவது தெரியவரும். இவ்விரண்டே அரிசி விற்பனையில் 78 விழுக்காடு. எஞ்சிய ஆறு வகையும் சேர்ந்து 35,000 ரூபாய்தான்.

இப்போது முதலைப் பார்க்க வேண்டும். 25 கிலோ மூட்டை ஒன்றின் கொள்முதல் விலை 1,400 ரூபாய் என்று கொள்க. முதன்மையான பொன்னியில் 20 மூட்டை இருப்பு வைத்தால் 28,000 ரூபாய் முடங்கும். அது பத்து நாளுக்குள் விற்றுப் பணமாகத் திரும்பிவிடும். விற்பனை குறைந்த ஆறு வகையிலும் வகைக்கு ஐந்து மூட்டை வைத்தால் 42,000 ரூபாய் முடங்கும். அது திரும்பி வர ஐந்து வாரத்துக்கு மேலாகும். கடைக்காரரின் கைமுதல் உறங்கும் இடம் இதுவே.

அந்த ஆறிலும் பில்களைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். பச்சரிசி, பாசுமதி, சிவப்பரிசி ஆகிய மூன்றும் தனித்தனிப் பயனுக்குரியவை. பச்சரிசி கேட்டவருக்குப் புழுங்கலரிசி மாற்றாகாது. மற்ற மூன்றும் வேறு வேறு ஆலைகளிலிருந்து வரும் அதே பொன்னி. அவற்றை நிறுத்தினால் 21,000 ரூபாய் விடுபடும். அத்தொகையைக் கொண்டு முதன்மையான பொன்னி ஒருநாளும் தீராமல் பார்த்துக்கொள்ளலாம்; ரொக்கமாகக் கொடுத்து விலைக் குறைப்பும் கேட்கலாம். அரிசிக் கொள்முதல் மாதம் 1,52,000 ரூபாய். அதில் ஒரு விழுக்காடு குறைந்தாலும் 1,520 ரூபாய் மிஞ்சும். அது சர்க்கரை முழுவதும் தரும் இலாபத்தைவிட மிகுதி.

முடிவு சரிதானா என்பதை அடுத்த இரண்டு மாதங்கள் காட்டும். நிறுத்திய மூன்று வகைகளின் விற்பனை முதன்மைப் பொன்னியில் வந்து சேர்ந்து, அரிசியின் மொத்தம் 1,60,000 ரூபாயிலேயே நின்றால் வாடிக்கையாளர் மாற்றத்தை ஏற்றனர் என்று பொருள். மொத்தம் குறைந்து, எண்ணெயும் பருப்பும் கூடவே குறையுமாயின், அந்த ஆலையின் அரிசியையே விரும்பிய குடும்பங்கள் வேறு கடைக்குச் சென்றுவிட்டன. அவ்வாறாயின் அவ்வகையில் ஒன்றை இரண்டு மூட்டையளவில் மீண்டும் வைப்பதே தக்கது.

இக்கணக்கை வழிதவறச் செய்வன சில உண்டு. பொங்கல், தீபாவளி மாதத்துப் பட்டியலில் வெல்லமும் எண்ணெயும் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும். ஒரு திருமண வீட்டின் பெரிய கொள்முதல், ஒரே நாளில் ஒரு பொருளை மேலே ஏற்றிவிடும். ஆகவே பன்னிரண்டு மாதக் கணக்கைக் கொண்டு பட்டியலிடுதல் நன்று. தனிப்பெரும் கொள்முதல்களை வேறாகக் குறித்துக்கொள்ளுதலும் வேண்டும். புதிதாக வந்த பொருள் இரண்டு மாத விற்பனையோடு பட்டியலின் அடியில் நிற்பதைக் கொண்டு அதைச் சிறியதெனத் தள்ளுதல் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு வரியில் "பருப்பு வகைகள்" என்று தொகுத்தும், மறு வரியில் ஓர் ஆலையின் ஒரே அரிசியைத் தனித்தும் எழுதிய பட்டியல் எதையும் சரியாக ஒப்பிடாது. தொகுப்பதாயின் எல்லாவற்றையும் தொகுக்க. பிரிப்பதாயின் எல்லாவற்றையும் பிரிக்க.

மேற்கூறிய கடையில் பத்து வகைப் பொருளும் இன்றும் கிடைக்கும். வாடிக்கையாளர் எவரும் பொருளின்றித் திரும்ப வேண்டியதில்லை. மாறியது அரிசி மூட்டைகளுள் மூன்று வகை மட்டுமே. அம்மூன்றையும் காட்டிக் கொடுத்தது ஒரு தாளில் எழுதிய நான்கு பத்திகளும், அதனோடு சேர்த்துப் பார்த்த ஒரு வாரத்துப் பில்களும் ஆகும்.