இரண்டு விலைகளுக்கு நடுவே நான்கு ரூபாய்



இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் பல கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ‘ஸ்பிரெட்’ என்ற ஓர் எண் வரும். மார்க்கெட் மேக்கர் ஒரு பங்கை வாங்கத் தயாராக இருக்கும் விலைக்கும் விற்கத் தயாராக இருக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அது. அதைத்தான் அவர் வருமானம் என்று சொல்கிறோம். அந்த வருமானத்தில் எவ்வளவு உண்மையிலேயே அவர் கையில் நிற்கிறது என்ற ஒரே கேள்வியை மட்டும் இந்தத் தலைமை உரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்டரைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் டாலருக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். குறைந்த விலைக்கு வாங்கி, கூடுதல் விலைக்கு விற்பார்கள். நடுவே இருப்பது அவர்களுடைய கூலி. மார்க்கெட் மேக்கரையும் நெடுங்காலம் இப்படித்தான் பொருளியல் பார்த்தது. ஹரால்ட் டெம்செட்ஸ் 1968-இல் எழுதிய கட்டுரை இந்தப் பார்வைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. காத்திருக்க விரும்பாதவர், காத்திருக்கத் தயாராக இருப்பவருக்குத் தரும் விலையே ஸ்பிரெட் என்றார் அவர். தவறில்லை. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு இல்லாத ஒரு தொல்லை மார்க்கெட் மேக்கருக்கு உண்டு. விடுமுறைக்கு சிங்கப்பூர் போகிற குடும்பத்துக்கு நாளைய டாலர் விலை தெரியாது. பங்குச் சந்தையில் எதிரே வருகிறவர்களில் சிலருக்கு நாளைய விலை தெரியும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஜாக் ட்ரெய்னர். 1971-இல் ஒரு நிதி இதழில், வால்டர் பேஜட் என்ற பழைய ஆங்கில இதழாசிரியரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் தெரிந்தவர்களிடம் மார்க்கெட் மேக்கர் எப்போதும் தோற்பார்; அந்தத் தோல்வியைத் தெரியாதவர்களிடம் ஈடுகட்டுவார்; அதற்குத்தான் ஸ்பிரெட் என்பது அதன் சாரம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1985-இல், லாரன்ஸ் குளோஸ்டனும் பால் மில்க்ரமும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கை நாம் இங்கே சிறிய எண்களில் செய்து பார்ப்போம். தாளும் பேனாவும் போதும்.

ஒரு நிறுவனத்தின் மீது வழக்கு ஒன்று நடக்கிறது. நாளை தீர்ப்பு. சாதகமாக வந்தால் அதன் பங்கு 110 ரூபாய் பெறும். பாதகமாக வந்தால் 90. இரண்டுக்கும் சமவாய்ப்பு, ஆகவே இன்று அதன் மதிப்பு 100. இன்று மார்க்கெட் மேக்கரிடம் பத்துப் பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பங்கு. அவர்களில் இரண்டு பேருக்குத் தீர்ப்பு எப்படி என்று தெரியும். மற்ற எட்டுப் பேர் தங்கள் சொந்தக் காரணங்களுக்காக வந்தவர்கள்: மகள் கல்யாணத்துக்கு விற்கிறவர், போனஸ் வந்ததும் வாங்குகிறவர். இவர்களில் நான்கு பேர் வாங்குவார்கள், நான்கு பேர் விற்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

மார்க்கெட் மேக்கர் 98-க்கு வாங்குவேன், 102-க்கு விற்பேன் என்று அறிவிக்கிறார். தீர்ப்பு சாதகம் என்று கொள்வோம். தெரிந்த இருவரும் வாங்குவார்கள், தெரியாத நால்வரும் வாங்குவார்கள். ஆக, அவர் ஆறு பங்குகளை 102-க்கு விற்கிறார். மறுநாள் அவை 110 பெறுவதால் பங்குக்கு 8 வீதம் 48 ரூபாய் நட்டம். மற்ற நால்வரிடமிருந்து 98-க்கு வாங்கியவை அவர் கையில் 110 ஆகின்றன. பங்குக்கு 12 வீதம் 48 ரூபாய் லாபம். நிகரம் பூஜ்யம். தீர்ப்பு பாதகமானாலும் கணக்கு கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, அதே பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

நூறு ரூபாய்ப் பங்கில் நான்கு ரூபாய் இடைவெளி. பார்க்கிறவர்கள் கொள்ளை என்பார்கள். அதில் ஒரு காசுகூட அவருக்கு மிஞ்சவில்லை. பிறகு எங்கே போனது? தெரிந்த இருவருக்கும் ஆளுக்கு 8 வீதம் 16 ரூபாய் லாபம். தெரியாத எட்டுப் பேரின் லாப நட்டத்தைக் கூட்டினால், மொத்தத்தில் அதே 16 ரூபாய் குறைகிறது. மார்க்கெட் மேக்கர் வழியாகப் பணம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

போட்டிக்காக அவர் இடைவெளியைக் குறைத்து 99, 101 என்று வைத்தால், அதே பத்துப் பேரிடம் 10 ரூபாய் நட்டப்படுவார். 97, 103 என்று வைத்தால் 10 ரூபாய் மிஞ்சும். வாடகை, சம்பளம், கணினி, முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி எல்லாம் அந்தப் பத்து ரூபாய்க்குள்தான். அதாவது ஆறு ரூபாய் ஸ்பிரெட்டில் நான்கு ரூபாய் இழப்பீடு. மிச்சம் இரண்டுதான் கூலி. தெரிந்தவர்கள் பத்தில் நான்கு பேராகிவிட்டால், நட்டமில்லாமல் இருக்க மட்டுமே 96, 104 என்று போக வேண்டும். காலாண்டு முடிவு வெளியாகும் நேரத்தில் திரையில் இடைவெளி அகல்வதற்குப் பெரிய காரணம் இதுவே. பயந்துபோய் அகலப்படுத்துகிறார்கள் என்று சொல்வதுண்டு. பயம் இருக்கலாம், ஆனால் கணக்கும் இருக்கிறது.

உண்மையில் அவர் பத்துப் பேருக்கும் ஒரே விலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார். முதலில் வந்தவர் வாங்கினார் என்றால் அதுவே ஒரு தகவல். நல்ல தீர்ப்புக்கான வாய்ப்பு ஐம்பதிலிருந்து அறுபது விழுக்காடாக உயர்கிறது. அடுத்தவருக்கு 100-க்கு வாங்குவேன், 103 ரூபாய் 85 காசுக்கு விற்பேன் என்பார். இப்படி ஒவ்வொரு வியாபாரத்திலும் விலை நகர்ந்து, உள்ளே ஒளிந்திருக்கும் செய்தி மெல்ல வெளியே வருகிறது. கையில் சரக்கு அதிகம் சேர்ந்துவிட்டால் இரண்டு விலைகளையும் சேர்த்தே கீழே இறக்குவார் என்பது வேறு. அந்த இருப்புப் பிரச்சினையை நாளை ஓர் அமர்வு விரிவாகப் பார்க்கப்போகிறது, நான் தொடவில்லை.

இந்தக் கோட்பாட்டில் ஓர் ஆபத்து உண்டு. எந்த ஸ்பிரெட்டையும் இதைக் கொண்டு நியாயப்படுத்திவிடலாம். ‘தெரிந்தவர்களிடம் தோற்கிறோம், அதனால்தான் அகலம்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னார்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அப்போது அங்கே விலைகள் டாலரில் எட்டில் ஒரு பங்காக, அதாவது 12.5 சென்ட் படிகளாகச் சொல்லப்பட்டன. ஒரு பங்குக்குப் பல டீலர்கள் போட்டி போட்டார்கள். போட்டி இருந்தால் சுறுசுறுப்பான பங்குகளில் இடைவெளி ஒரு படிக்கு இறங்கியிருக்க வேண்டும். வில்லியம் கிறிஸ்டி, பால் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991-ஆம் ஆண்டின் தரவுகளை எடுத்து, மிகச் சுறுசுறுப்பான நூறு பங்குகளைப் பார்த்தார்கள். அவற்றில் 70 பங்குகளில் ஒற்றைப்படை எட்டுகள் — எட்டில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு — ஏறத்தாழ வரவேயில்லை. எல்லா டீலர்களும் இரட்டைப்படை எட்டுகளிலேயே விலை சொன்னால் இடைவெளி 25 சென்ட்டுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. யாரும் யாரிடமும் பேசியதாக இந்தத் தரவு நிரூபிக்காது. ஆனால் அகலத்துக்குச் செலவு மட்டும் காரணமாக இருந்தால், எண்கள் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்து ஒதுங்கவேண்டிய அவசியம் என்ன?

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1994 மே மாத இறுதியில் இந்த ஆய்வு முடிவு செய்தித்தாள்களில் வந்தது. மே 27 அன்று ஆம்ஜென், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் பங்குகளில் டீலர்கள் திடீரென்று ஒற்றைப்படை எட்டுகளில் விலை சொல்லத் தொடங்கினார்கள். இடைவெளி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ஒரே இரவில் சந்தையில் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதா? கணினிச் செலவு பாதியாகிவிட்டதா? செலவு அப்படி விழாது. விழுந்தது செலவாக இல்லாத பகுதி. பொருளியலில் இவ்வளவு தெளிவான இயற்கைச் சோதனை நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

அரசு விசாரணை வந்தது. டீலர்கள் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசிய பதிவுகள் கேட்கப்பட்டன. 1996-இல் நீதித் துறையும் பங்குச் சந்தை ஆணையமும் நடவடிக்கை எடுத்தன. முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டில் முடிந்தது. 1997-இல் வந்த விதிகளின்படி, டீலரின் விலையைவிட நல்ல விலையில் ஒரு சாதாரண முதலீட்டாளர் ஆர்டர் கொடுத்தால் அதையும் வெளியே காட்ட வேண்டும் என்றானது. 2001-இல் விலைகள் சென்ட் கணக்குக்கு மாறின. முன்பு 25 சென்ட் இருந்த பங்குகளில் ஒரு சென்ட்டும் சாத்தியமானது.

கூலி எது, இழப்பீடு எது, கூட்டுச் சுரண்டல் எது என்று எப்படிப் பிரித்தறிவது? தொழிலில் இருப்பவர்கள் ‘மார்க்அவுட்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 102-க்கு விற்றோம்; ஐந்து நிமிடம் கழித்து இரண்டு விலைகளின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? 100-லேயே இருந்தால் இரண்டு ரூபாயும் நம்முடையது. 102-க்குப் போய்விட்டால் ஒன்றும் மிஞ்சவில்லை. 104-க்குப் போயிருந்தால் எதிரே இருந்தவர் நம்மைவிட விஷயம் தெரிந்தவர். ஒரு வியாபாரத்தில் இது எதையும் சொல்லாது. ஆயிரக்கணக்கில் சராசரி எடுத்தால் எல்லாவற்றையும் சொல்லும். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் சிறு முதலீட்டாளர்களின் ஆர்டர்களைத் தங்களிடம் அனுப்பும்படி தரகர்களுக்குப் பணம் கொடுப்பதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆர்டர்களுக்குப் பிறகு விலை அதிகம் நகர்வதில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். என்எஸ்இ, பிஎஸ்இ பிரதானச் சந்தையில் கட்டாய மார்க்கெட் மேக்கர் கிடையாது. யார் ஆர்டர் போட்டாலும் திரையில் வரும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2012-இல் தொடங்கிய எஸ்எம்இ தளங்களில்தான் கட்டாயம். பங்கு பட்டியலிடப்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகள் ஒரு மார்க்கெட் மேக்கர் இருக்க வேண்டும். செபி 2010-இல் வகுத்த நெறிமுறைகளின்படி வர்த்தக நேரத்தில் 75 விழுக்காடாவது அவர் இருபக்க விலை தர வேண்டும். நினைத்துப் பாருங்கள்: வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் கம்பெனிக்கு நெருக்கமானவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. நம் கணக்கின்படி பத்தில் இரண்டு அல்ல, நான்கோ ஐந்தோ தெரிந்தவர்களாக இருக்கக்கூடிய இடம் அது. அகலமான ஸ்பிரெட்டை அங்கே பார்த்ததும் மார்க்கெட் மேக்கரைத் திட்டுவது எளிது. அதே அகலத்தைச் சாக்காக வைத்து அவர் சும்மா இருப்பதும் எளிது. விதி நேரத்தைக் கணக்கிடுகிறது. இழப்பீட்டையும் கூலியையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே கட்டுரை வாசிக்கப்போகும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பிரெட் இவ்வளவு என்று அட்டவணை போடும்போது, வியாபாரத்துக்குப் பின் விலை எங்கே போனது என்பதையும் பக்கத்துப் பத்தியில் போடுங்கள். எஸ்எம்இ பங்குகளில் அடுத்த வியாபாரமே மறுநாள்தான் நடக்கலாம் என்பதால் ஐந்து நிமிடம் அங்கே பொருந்தாது. ஒரு நாளோ ஒரு வாரமோ எடுத்துக்கொண்டு, ஏன் அந்தக் கால அளவு என்று சொல்லுங்கள். விலைகள் எந்தப் படிகளில் குவிகின்றன என்பதையும் கிறிஸ்டி, ஷுல்ட்ஸ் செய்ததுபோல் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு பத்திகளும் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு, ஸ்பிரெட் நியாயம் என்றோ அநியாயம் என்றோ இந்த மேடையிலிருந்து யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்க அழைக்கிறேன்.