335 ரூபாய் எங்கே போச்சு?



எங்க குழுவில நான் கணக்கு எழுதுறேன். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சா எங்களுக்கு வேலை. நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு அங்குள்ள கடைகளுக்குக் கொடுக்கிறோம். போன சீசனில் எங்க குழு மதினி ஒருத்தங்க தென்காசிக்குப் போய், ஒரே கடையில சமையல் எண்ணெயும் பேக்கிங் கவரும் வாங்கிட்டு வந்தாங்க. எண்ணெய் டின்னோட பில்லையும் ஒரே பையில போட்டதால, பில்லு நடுவுல எண்ணெய் ஊறி 'டாக்சபிள் வேல்யூ'ங்கிற கட்டம் முழுக்க அழிஞ்சு போச்சு. அதுதான் வரி போடுறதுக்கு முந்தின சரக்கு விலை. அடியில சிஜிஎஸ்டி 335, எஸ்ஜிஎஸ்டி 335, மொத்தம் 10,170ன்னு மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

ஒரே தொகை ரெண்டு தடவை இருக்கவும், தப்பா ரெண்டு தரம் அச்சாகியிருக்குன்னு நினைச்சுட்டேன். 10,170ல 335ஐக் கழிச்சு, சரக்கு விலை 9,835ன்னு நோட்டுல எழுதிட்டேன். கூட்டத்துல மதினி, "வரி இல்லாம எண்ணெய் 8,000, கவர் 1,500, ஆக 9,500தான் கடைக்காரர் சொன்னார்"ன்னாங்க. உடனே ஒருத்தி, "அப்போ மீதி 335 எங்கே போச்சு?"ன்னு கேட்டுட்டா. மதினி முகம் செத்துப் போச்சு. "இனிமே நான் கடைக்குப் போக மாட்டேன் தாயி"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பில்லை விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். நம்ம மாநிலத்துக்குள்ள வாங்குற சரக்குக்கு வரியைப் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்குன்னு பிரிச்சுப் போடுவாங்க. சிஜிஎஸ்டி மத்திய அரசோடது, எஸ்ஜிஎஸ்டி மாநிலத்தோடது. ரெண்டும் சமமாத்தான் இருக்கும், ரெண்டையும் கழிக்கணும். எண்ணெய்க்கு 5 சதவீதம், அதனால ரெண்டரை, ரெண்டரை. பிளாஸ்டிக் கவருக்கு 18, அதனால 9, 9. பில்லோட கடைசியில பொடி எழுத்துல வரி வாரியா ஒரு சின்னப் பட்டியல் இருந்துச்சு. ரெண்டரை சதவீதத்துக்கு நேரா 200, 200. ஒம்பது சதவீதத்துக்கு நேரா 135, 135.

இப்போ அழிஞ்ச கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். நூறு ரூபாய் சரக்குக்கு வரி ரெண்டரை ரூபாய்னா, 200 ரூபாய் வரி வர எத்தனை நூறு வேணும்? 200ஐ 2.5ஆல வகுத்தா 80. எண்பது நூறு, 8,000 ரூபாய். அதுதான் எண்ணெய் விலை. அதே மாதிரி 135ஐ 9ஆல வகுத்தா 15. பதினஞ்சு நூறு, 1,500 ரூபாய் கவர். ரெண்டையும் கூட்டினா 9,500. அதோட 335, இன்னொரு 335 சேர்த்தா 10,170. பில்லுக்குச் சரியா ஒத்துப்போச்சு. மதினி சொன்னதுல ஒரு பைசா பிசகில்லை. இப்படித் திரும்பக் கூட்டிப் பார்க்கும்போது சில்லறைக் காசு வித்தியாசம் வந்தா பயப்பட வேண்டாம், 'ரவுண்ட் ஆஃப்'னு பில்லுலயே ஒரு வரி இருக்கும்.

மறுநாள் இதைச் சொன்னப்போ எங்க தங்கச்சி ஒருத்தி வேற வழி சொன்னா. எண்ணெய்க்கு வரியோட 8,400, அதுல 5 சதவீதம் 420, அதைக் கழிச்சா போதுமேன்னா. அப்படிச் செஞ்சா 7,980 வரும், 20 ரூபாய் குறையும். வரி போட்டது 8,000க்கு, 8,400க்கு இல்லை. வரியோட சேர்ந்த தொகை மட்டும் கையில இருந்தா 105ஆல வகுத்து 100ஆல பெருக்கணும். 18 சதவீதச் சரக்குன்னா 118ஆல வகுக்கணும். ரெண்டு விதச் சரக்கும் கலந்த மொத்தத்தை ஒரே எண்ணால வகுக்கக் கூடாது.

நமக்குப் பக்கத்துல செங்கோட்டை தாண்டினா கேரளா. அங்கிருந்து வியாபாரி நம்ம முகவரிக்குச் சரக்கு அனுப்பினா, பில்லுல ஐஜிஎஸ்டின்னு ஒரே வரிதான் இருக்கும். அப்போ பாதியால வகுத்துடாதீங்க, முழு 5 அல்லது 18ஆல வகுக்கணும். கடைக்காரரோட ஜிஎஸ்டி எண் 33ன்னு தொடங்கினா நம்ம தமிழ்நாடு, 32ன்னா கேரளா. சில சின்னக் கடைக்காரங்க 'காம்போசிஷன்'ல இருப்பாங்க. அவங்க நம்மகிட்ட வரி வாங்கக் கூடாது, அந்தப் பில்லுல பிரிக்க ஒண்ணும் இல்லை. போட்ட தொகைதான் விலை.

எங்க குழு ஜிஎஸ்டி பதிவு செய்யலை. அதனால கட்டின 670 ரூபாய் வரி திரும்பி வராது. சிப்ஸுக்கு விலை வைக்கும்போது 9,500ஐ வச்சுப் பார்க்காம முழு 10,170ஐயும் செலவாப் போடுறோம். ஆனா அடுத்த கடையில விலை விசாரிக்கும்போது அவங்க வரி இல்லாமத்தான் சொல்றாங்க, அதோட ஒப்பிட 8,000மும் 1,500ம் தனியாத் தெரிஞ்சாகணும். அதனால நோட்டுல ரெண்டையும் எழுதுறேன்.

9,835ஐ அடிச்சுட்டு, பக்கத்துல சரியான கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை எடுத்துக்கிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். கேள்வி கேட்டவளும் கூட வந்தா. மதினி நோட்டைப் பார்க்கவே இல்லை, காபித்தண்ணி போட உள்ளே போயிட்டாங்க. அடுத்த வாரம் தென்காசிக்கு அவங்களேதான் போனாங்க, பில்லைத் தனியா ஒரு கவர்ல போட்டுக் கொண்டு வந்தாங்க.