வீதிக்குக் கொடுத்த நிலமும் கைக்கு வந்த சான்றிதழும்

மும்பையின் செம்பூரில் நெடுங்காலமாகச் சொந்த வீட்டில் வாழும் நம்மவர் ஒருவருக்கு மாநகராட்சியிலிருந்து கடிதம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். வீதியை அகலப்படுத்த அவருடைய மனையில் 100 சதுர மீட்டர் வேண்டுமாம். பணத்துக்குப் பதிலாக அவர் 'டி.டி.ஆர்.' பெற்றுக்கொள்ளலாமாம்.

டி.டி.ஆர். என்பது கைமாற்றத்தக்க கட்டட உரிமை. நிலம் வீதியோடு சேர்ந்துவிடும். கட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் நிலத்தினின்று பிரிந்து ஒரு சான்றிதழில் ஏறும். அதனை வேறு மனைக்காரர் விலைக்கு வாங்கித் தம் கட்டடத்தை உயர்த்திக்கொள்வார். 1991ஆம் ஆண்டு விதிகளின் மூலம் மும்பையில் இம்முறை புகுந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புறநகரில் கொடுத்த நிலத்தைப்போல் இரு மடங்கு பரப்புக் கிடைக்கும். ஆகவே நம் நண்பரின் சான்றிதழில் 200 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கும்.

இந்த 200 எங்கும் 200 ஆகவே இருக்கும் என்று எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரசாங்கம் இடந்தோறும் நிலத்துக்கு ஒரு வழிகாட்டி மதிப்பு வகுத்திருக்கிறது. கொடுத்த நிலத்தின் மதிப்பை, உரிமையைப் பயன்படுத்தும் மனையின் மதிப்பால் வகுத்து, அதனைச் சான்றிதழிலுள்ள பரப்பால் பெருக்க வேண்டும். உதாரணமாக, நண்பரின் நிலம் மீட்டருக்கு 40,000 ரூபாயும், வாங்குபவர் மனை 80,000 ரூபாயும் பெறுமாயின், அங்கே 100 சதுர மீட்டர்தான் கட்டலாம். 20,000 ரூபாய் மனையிலோ 400 கட்டலாம். பழைய விதிகள் பரப்பை மட்டுமே பார்த்தன; 2016இல்தான் மதிப்பும் கணக்கில் சேர்ந்தது.

வாங்குபவரின் வீதியும் அகலமாயிருக்க வேண்டும். புறநகரில் 9 மீட்டருக்குக் குறைந்த வீதியிலுள்ள மனையில் இவ்வுரிமையைப் பொதுவாக ஏற்ற இயலாது. ஆகவே வாங்குவோர் பெரும்பாலும் கட்டட முதலாளிகளே. சந்தையில் சான்றிதழ்கள் மலிந்தால் விலை இறங்கும். இன்ன விலை கிடைக்கும் என்று அரசாங்கம் உறுதி கூறுவதில்லை. சிறிய அளவு உரிமையை வைத்துக்கொண்டு தனியாகப் பேரம் பேசுபவர் பாடு கொஞ்சம் திண்டாட்டந்தான்!

நிலத்தை வில்லங்கமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அந்த முன்பகுதியில் வாடகைக் கடையொன்று இருந்தால், அதனைக் காலி செய்விக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழும். நிலம் மாநகராட்சியின் பெயருக்கு மாறிய பின்னரே சான்றிதழ் கைக்கு வரும். மீதி மனையில் கட்ட இடமும் விதியும் இருந்தால், உரிமையை அங்கேயே பயன்படுத்த முடியுமா என்று விற்குமுன் ஒரு கட்டடக் கலைஞரைக் கேட்டுக்கொள்வது நலம்.

விற்பதாயினும் தரகர் எழுதித் தரும் ஒப்பந்தம் மட்டும் போதாது. மாநகராட்சி ஆணையரிடம் விண்ணப்பித்து, சான்றிதழில் புதியவர் பெயரைப் பதிவு செய்விக்க வேண்டும். அப்பதிவு இல்லாத கைமாற்றம் செல்லாது.