வேறு வழி இல்லாதவரின் பொறுப்பு

 இந்தக் கருத்தரங்கின் தலைமையுரைக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வேறு விதமாகச் செய்யவே முடியாத நிலையில் ஒருவர் ஒன்றைச் செய்கிறார். அதற்கு அவரைப் பொறுப்பாக்கலாமா?

கூடாது என்பதே முதலில் தோன்றும் விடை. வெள்ளம் பாலத்தை அடித்துப்போனதால் தேர்வுக்கு வராத மாணவியை நாம் குறை சொல்வதில்லை. கூட்டத்தில் பிடித்துத் தள்ளப்பட்டு அடுத்தவர் மேல் விழுந்தவரை அடித்தவர் என்று சொல்வதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துத் தத்துவவாதிகள் ஒரு விதி வகுத்தார்கள்: வேறு விதமாகச் செய்திருக்க முடிந்தவரே தாம் செய்ததற்குப் பொறுப்பாவார். உலகில் நடப்பதெல்லாம் முன்பே நிர்ணயமானது என்றால் யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லை என்ற வாதமும் பெரும்பாலும் இந்த விதியின் மேல்தான் நின்றது. நிர்ணயவாதிகளும் அவர்களை எதிர்த்தவர்களும் விதியை மட்டும் பொதுவாக ஏற்றுக்கொண்டு, அதன் இரு பக்கமும் நின்று சண்டையிட்டார்கள்.

1969இல் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் என்ற அமெரிக்கர் பதினோரு பக்கக் கட்டுரை ஒன்றில் அந்த விதியே பொய் என்றார். அவர் சொன்னதற்கு ஒரு முன்னோடி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் ஒரு நிலைமையைக் கற்பனை செய்தார். தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தூக்கிச் சென்று ஓர் அறையில் விட்டு, கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். கண் விழித்தால் எதிரே அவர் நெடுநாளாகப் பார்க்க ஏங்கிய நண்பர். கதவு பூட்டியிருப்பது தெரியாமல், மகிழ்ச்சியோடு அங்கேயே உட்கார்ந்து பேசுகிறார். அவரால் வெளியேற முடியாது. ஆனாலும் விரும்பித்தான் இருக்கிறார். விரும்பிச் செய்வதும் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்று காட்டத்தான் லாக் இதைப் பயன்படுத்தினார். ஃபிராங்க்ஃபர்ட் இதே அமைப்பைப் பொறுப்பு என்ற கேள்விக்குக் கொண்டுவந்தார். பூட்டையும் அறைக் கதவிலிருந்து எடுத்து, முடிவெடுக்கும் மனத்துக்கே போட்டார்.

அவர் கதையில் ஜோன்ஸ் ஒரு செயலைச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அது என்ன செயல் என்று ஃபிராங்க்ஃபர்ட் சொல்லவில்லை. கொலை என்றும் வாக்களிப்பு என்றும் பின்னால் வந்தவர்கள் இட்டு நிரப்பினார்கள். பிளாக் என்பவருக்கு ஜோன்ஸ் அதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் தேவையில்லாமல் தலையிட அவர் விரும்பவில்லை. ஜோன்ஸின் மனம் போகும் போக்கைத் துல்லியமாக அறியக்கூடிய அவர், கவனித்தபடி காத்திருக்கிறார். ஜோன்ஸ் மறுபக்கம் சாயப் போகிறார் என்று தெரிந்தால் உடனே தலையிட்டு, மருந்தாலோ மூளையில் கை வைத்தோ, தமக்கு வேண்டியபடி அவரை முடிவெடுக்க வைத்துவிடுவார். அந்தத் தேவையே வரவில்லை. ஜோன்ஸ் தமக்கே உரிய காரணங்களுக்காகத் தாமே முடிவெடுத்துச் செய்து முடிக்கிறார். பிளாக் விரலைக்கூட அசைக்கவில்லை.

ஜோன்ஸால் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது. ஆனாலும் அவர் செய்தது அவருடைய செயல்தான். கதையிலிருந்து பிளாக்கை முழுதாக நீக்கிப் பாருங்கள்: ஜோன்ஸ் யோசித்ததும் துணிந்ததும் செய்ததும் ஒரு துளி மாறாது. மாற்று வழிகளை அடைத்தது எதுவோ அது செயலை உண்டாக்குவதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. செயலைத் தொடாத ஒன்று அந்தச் செயலுக்கான பொறுப்பை மட்டும் எப்படித் துடைக்கும்? இந்தத் தர்க்கம் சரி என்றே நான் கருதுகிறேன். எனினும், வந்த எதிர்ப்புகளில் ஒன்று கடுமையானது.

ராபர்ட் கேன், டேவிட் விடெர்க்கர் போன்றோர் எழுப்பிய எதிர்ப்பு அது. ஜோன்ஸ் எந்தப் பக்கம் சாய்வார் என்று பிளாக்குக்கு எப்படி முன்பே தெரிந்தது? ஏதோ ஓர் அறிகுறி இருந்திருக்க வேண்டும். அந்த அறிகுறி முடிவை உறுதியாக நிர்ணயிக்கும் என்றால், ஜோன்ஸின் முடிவு முன்பே நிர்ணயமானது என்றாகிறது. அப்படியானால் அவர் பொறுப்பானவர் என்பதை எதிராளி ஏன் ஏற்க வேண்டும்? அது கேள்வியையே விடையாக எடுத்துக்கொண்டதாகும். அறிகுறி உறுதியானதல்ல என்றால், கடைசி நொடியில் ஜோன்ஸ் மாறிவிடலாம். அப்போது மாற்று வழி திறந்தே இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கதை தோற்கிறது. இந்த வாதத்தைச் சந்திக்காமல் ஃபிராங்க்ஃபர்ட்டை மேற்கோள் காட்டிவிட்டுப் போகும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன என்பது எனக்கு வருத்தம்.

இதற்கு வந்த விடைகளில் டெர்க் பெரெபூம் அமைத்த கதை எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஜோ என்பவர் வீடு வாங்கியிருக்கிறார். பதிவுக் கட்டணத்தை வருமான வரிக் கழிவில் காட்டலாமா என்று யோசிக்கிறார். சட்டப்படி அது தவறு என்று அவருக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளமாட்டோம் என்றும், மாட்டினாலும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பலாம் என்றும் தெரியும். அவருடைய மன அமைப்பில், இந்த ஏமாற்றைக் கைவிட ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: இது நியாயமா என்ற எண்ணம். அந்த எண்ணத்தில் அவர் ஓரளவு ஆழமாக மனம் செலுத்தினால்தான் ஏமாற்றாமல் விடுவது சாத்தியம். ஆனால் அப்படிச் செலுத்திய பிறகும் அவர் ஏமாற்ற முடிவெடுக்கலாம். அவர் அறியாமல் அவர் மூளையில் ஒரு கருவி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்கு மனம் செலுத்திய உடனே அது இயங்கி, ஏமாற்றும் முடிவை எடுக்க வைத்துவிடும். ஜோ அந்த அளவுக்குப் போகவே இல்லை. தாமாகவே ஏமாற்றுகிறார், கருவி சும்மா கிடக்கிறது.

விடெர்க்கரின் பொறி இங்கே விழவில்லை. கருவி எதிர்நோக்கும் அறிகுறி முடிவை நிர்ணயிப்பதல்ல. அது தோன்றாமல் இருப்பதும் ஏமாற்றும் முடிவை நிர்ணயிக்கவில்லை. ஆனாலும் ஏமாற்றாமல் விடும் முடிவை எடுக்க அவருக்கு வழியில்லை. ஆழ்ந்து யோசிக்கும் வழி திறந்திருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். திறந்திருந்தது உண்மைதான். ஆனால் யோசிப்பது மட்டுமே ஏமாற்றாமல் இருப்பதாகாது. அது தம்மைப் பழியிலிருந்து காக்கும் என்று ஜோவுக்கும் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளியை வைத்து அவர் பொறுப்பை விளக்குவது எனக்குத் தகுந்ததாகத் தெரியவில்லை. அவர் பொறுப்பானவர் என்றால், தம் காரணங்களுக்காகத் தாமே ஏமாற்றினார் என்பதாலேயே.

இனி, கதையல்லாமல் உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1995 ஜூலை 16 அன்று, போஸ்னியாவில் பிரானியெவோ பண்ணையில், ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆண்கள் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கப்பட்டு, வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டார்கள். சுட்ட வீரர்களில் ஒருவர் ட்ராஜென் எர்டெமோவிச், வயது 23. முதலில் மறுத்தார். அவர்கள்மேல் இரக்கம் என்றால் நீயும் போய் அந்த வரிசையில் நில் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சுட்டார். தாம் சுமார் 70 பேரைச் சுட்டிருக்கலாம் என்றும், அன்று அங்கே இறந்தவர்கள் சுமார் 1,200 பேர் என்றும் அவரே ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் சொன்னார். அவர் தாமாக வந்து சொல்லியிராவிட்டால் வழக்கே எழுந்திருக்காது. 1997 அக்டோபரில் மேல்முறையீட்டு அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: அப்பாவிகளைக் கொன்ற வீரருக்கு மிரட்டல் முழு விலக்கு தராது, தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். நீதிபதி அந்தோனியோ கஸ்ஸேசே மாறுபட்டார். வீரர் மறுத்தாலும் அவர்கள் எப்படியும் இறந்திருப்பார்கள் என்பது அவர் வாதத்தின் ஒரு முக்கியக் கண்ணி. 1998 மார்ச்சில் எர்டெமோவிச்சுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

தத்துவக் கண்டிப்போடு பார்த்தால் அவருக்கு ஒரு மாற்று இருந்தது: சாவது. அதே நாளில் வேறோர் இடத்தில் மறுபடியும் சுடச் சொன்னபோது, சக வீரர்கள் சிலரோடு சேர்ந்து அவர் மறுத்தார். ஆக ஜோன்ஸைப் போல முற்றாகப் பூட்டப்பட்டவரல்ல அவர். ஆனால் அந்த வரிசையில், அதே கட்டளைக்கும் அதே மிரட்டலுக்கும் கீழே, விரும்பிச் சுட்ட ஒருவரை அவர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிரட்டாவிட்டாலும் இந்த இரண்டாமவர் சுட்டிருப்பார். மறுத்தால் இருவருக்கும் ஒரே கதிதான். இருவர் முன்னும் இருந்த வழிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். இருவரையும் ஒரே தராசில் நிறுத்த நம்மில் யாருக்கும் மனம் வராது. அந்த வேறுபாடு வந்தது மூடிக் கிடந்த வழிகளிலிருந்து அல்ல, அவரவரைச் சுட வைத்தது எது என்பதிலிருந்து.

ஃபிராங்க்ஃபர்ட் பழைய விதிக்குப் பதிலாக வைத்ததும் இதுதான்: வேறு வழி இல்லை என்ற அந்த ஒரே காரணத்துக்காகச் செய்தவருக்குத்தான் விலக்கு. வேறு வழி இல்லாதபோதும் வேறு காரணத்துக்காகச் செய்தவருக்கு இல்லை. 1950இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த நூரெம்பெர்க் கோட்பாடுகளில் நான்காவது, மேலதிகாரியின் கட்டளை பொறுப்பை நீக்காது என்கிறது. ஆனால் ‘ஒழுக்கத் தேர்வு அவருக்கு உண்மையில் சாத்தியமாக இருந்திருந்தால்’ என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது. பழைய விதி அப்படியே சட்ட மொழியில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்துப் படித்தால், விரும்பிச் சுட்டவரும் அந்த நிபந்தனைக்குள் புகுந்து தப்பலாம். அதை இப்படிப் படிக்கக் கூடாது என்பதற்கான காரணத்தைத்தான் ஃபிராங்க்ஃபர்ட் தந்தார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் செய்யாமல் விட்டவற்றுக்கு வரும்போது இந்த விளக்கம் தடுமாறுகிறது. பீட்டர் வான் இன்வாகன் சொன்ன நிலைமை: ஜன்னல் வழியே ஒருவர் அடிபடுவதைப் பார்க்கிறேன். காவல்துறைக்குத் தொலைபேசி செய்யலாம் என்று எண்ணி, வம்பு வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். அந்த நேரம் ஊர் முழுதும் தொலைபேசி இணைப்பு அறுந்திருந்தது எனக்குத் தெரியாது. முயலாமல் இருந்ததற்கு நான் பொறுப்பு, அதில் ஐயமில்லை. காவல்துறை வராமல் போனதற்கும் நானே பொறுப்பு என்று சொல்ல நா எழவில்லை. அறுந்த இணைப்பும் பிளாக்கைப் போலவே என் முடிவைத் தொடாமல் ஓரமாகத்தான் கிடந்தது. ஆனால் இங்கே மட்டும் அது பொறுப்பில் கணக்கில் வருகிறது. செயலுக்கும் விடுதலுக்கும் இடையே உண்மையிலேயே இப்படி ஒரு வேறுபாடு உண்டா? அல்லது ஜான் மார்ட்டின் ஃபிஷர் வாதிடுவது போல, நம் கட்டுப்பாடு உடலசைவோடு நின்றுவிடுகிறதா, அதைத் தாண்டி வெளியுலகில் விளையும் விளைவு வரை நீள்கிறதா என்பதுதான் விஷயமா? இரண்டாவதே சரி என்று எனக்குப் படுகிறது. ஆயினும், உடலசைவோடு நிற்காமல் விளைவு வரை நீளும் செயல்களில், தோட்டா இலக்கை அடைவது உட்பட, இதே தடுமாற்றம் ஏன் எழுவதில்லை என்பதற்கு இன்னும் நிறைவான விடை என்னிடம் இல்லை. காலை அமர்வின் கட்டுரைகள் இரண்டும் இதைத்தான் தொடுகின்றன. கட்டுரையாளர்களை அழைக்கிறேன்.