முகக்குறியும் அதன் பொருளும்
(மாதாந்தக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



கைத்தொலைபேசியில் செய்தி எழுதும்போது வசனத்தின் முடிவில் நாம் இடும் சிறு முகக்குறிகளைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். அவற்றை இமோஜி என்பர். எழுதுபவர் ஒரு நொடியில் இட்டுவிடும் அக்குறி, படிப்பவருள் சிலரை ஒரு முழு இரவு வருத்துவதுண்டு. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், எழுதுவோர் செய்யத்தக்கது யாது என்பதையும் ஒரே ஒரு முகத்தைக் கொண்டு விளக்குவோம். அம்முகம் 🙂 என்னும் இளநகை முகமாகும்.

முதலில் அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1982 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19 ஆந் திகதி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் பால்மன் என்பவர், கணினி வழியாக எழுதப்படும் பகிடிகளை வாசகர் மெய்யென்று கொள்ளாதிருக்க `:-)` என்ற குறியை இடலாம் என்று கூறினார். பகிடியல்லாதவற்றுக்கு `:-(` என்ற குறியையும் சொன்னார். ஆகவே தொடக்கத்தில் இக்குறியின் தொழில் ஐயத்தைத் தீர்ப்பதே. இளநகை முகம் 2014 இல் யூனிக்கோட் என்னும் எழுத்துக்குறித் தொகுதியிற் சேர்ந்தது. ஐயத்தைத் தீர்க்கப் பிறந்த குடும்பத்தில் வந்த அம்முகமே இன்று ஐயத்தை விளைவிக்கின்றது.

ஏன்? வாய் சிரிக்கின்றது; கண்களோ அசையாமல் வெறுமனே பார்க்கின்றன. முதியோர் பலர் இதனை மெய்யான அன்பு நகையாகவே இடுகின்றனர். இளைஞர் பலரோ இதனை எரிச்சலை மறைக்கும் நகையாகவும், "உமக்கு விளங்கினாற் சரி" என்ற குத்தலாகவும் வழங்குகின்றனர். இரு சாராரும் ஒரே குழுவில் எழுதும்போது, குறி ஒன்று, பொருள் இரண்டாகின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். சங்கத்து இளைஞர் ஒருவர் விழாத் தொண்டர்களின் பட்டியலைத் தயாரித்து, ஒரு நாள் பிந்திச் செயலாளருக்கு அனுப்புகிறார். செயலாளர் இவ்வாறு பதில் எழுதுகிறார்:

"சரி தம்பி, பார்ப்போம் 🙂"

இவ்விளைஞர் ஓட்டிசம் உடையவர். சொல்லைச் சொன்னபடியே கொள்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் நான்கு பொருள்கள் எழுகின்றன. ஒன்று, பட்டியல் கிடைத்தது, மகிழ்ச்சி. இரண்டு, பட்டியலில் ஐயமுண்டு. மூன்று, பிந்தியதனாற் கோபம், ஆனால் மறைக்கிறார். நான்கு, வழக்கமாக இடும் குறி, பொருளொன்றுமில்லை. "பார்ப்போம்" என்ற சொல்லும் துணை செய்வதில்லை. நம்மவர் மறுப்பைக்கூட அச்சொல்லாற் கூறுவதுண்டு.

மற்றொருவர் இந்நான்கில் ஒன்றைத் தம்மையறியாமலே தெரிந்துகொண்டு அப்பாற் போய்விடுவார். சொல்லைச் சொன்னபடி கொள்பவருக்கோ எழுதப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு செய்தியாகும். முகம் இடப்பட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். அக்காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்னர் பலமுறை கிண்டலை மெய்யென்று கொண்டு நகைப்புக்கு ஆளானவராயின், தவறான பொருளைத் தெரிந்துகொள்ள அஞ்சுவார். பழைய செய்திகளைத் திருப்பிப் படிப்பார். பதிலை எழுதி அழிப்பார். "கோபமா ஐயா?" என்று கேட்டால் அதுவே குற்றமாகுமோ என்றும் தயங்குவார். மனவழுத்தம் பிறப்பது இங்கேதான். முகக்குறியை அறியாமையன்று காரணம். பல பொருள்களுள் எதுவென்று தீர்மானிக்க ஆதாரம் இல்லாமையே காரணம்.

அகராதியில் பார்க்கலாமே என்பீர்கள். மூக்கால் ஆவி விடும் முகமொன்றுண்டு. யூனிக்கோட் அதற்கு இட்ட பெயர் வெற்றிப் பார்வையுடைய முகம் என்பதாகும். வழக்கிலோ பலர் அதனைச் சினத்துக்கே இடுகின்றனர். பெயரைத் தேடிப் பார்த்தவர் முன்னிலும் அதிகமாகக் குழம்புவார்.

இக்குழப்பம் ஓட்டிசம் உடையவர்க்கு மாத்திரம் உரியதன்று. 2016 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரே வடிவமுள்ள முகங்களைப் பலரிடம் காட்டினர். அது நல்லுணர்வா, தீயுணர்வா, இரண்டுமல்லாததா என்பதில், இருவரிருவராக ஒப்பிட்டபோது ஏறக்குறைய நாலில் ஒரு முறை கருத்து வேறுபட்டது. ஒரே குறியை ஒவ்வொரு நிறுவனமும் வேறு விதமாக வரைவதால் வேறுபாடு இன்னும் பெருகியது. எல்லோரும் தடுமாறுகின்றனர், சிலர் அத்தடுமாற்றத்தை உணர்ந்து வருந்துகின்றனர் என்பதே வேற்றுமை. ஓட்டிசம் உடைய அறிஞர் டேமியன் மில்ற்றன் 2012 இல் எழுதியது இங்கு நினைக்கத்தக்கது. விளங்காமை ஒருவரிடத்து மட்டும் உள்ள குறையன்று, இரு பக்கத்தும் உள்ளது என்பதே அவர் கருத்து. ஓட்டிசம் உடையோர் யாவரும் இக்குறிகளை வெறுப்பவரென்றும் எண்ணற்க. அவற்றை விரும்பி, மிகுதியாக இடுவோரும் அவர்களுள் உளர்.

இனி எழுதுவோர் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, முகத்தை விரலால் மறைத்துவிட்டு வசனத்தைப் படித்துப் பாருங்கள். பொருள் மாறாவிடின் முகம் வெறும் அணி, இருந்துவிட்டுப் போகலாம். பொருள் மாறினால், முகம் சுமக்கும் பொருளைச் சொல்லில் எழுதுங்கள். செயலாளரின் செய்தியை இவ்வாறு திருத்தலாம்:

"தம்பி, பட்டியல் கிடைத்தது, நன்றி. பிந்தியதில் எனக்குக் குறையில்லை. இன்றிரவு படித்து, திருத்தமிருந்தால் நாளை மாலை 5 மணிக்கு முன் எழுதுவேன். எழுதாவிடின் சரியென்று கொள்ளும்."

நான்கு ஐயங்களும் தீர்ந்தன. இறுதி வசனத்தைக் கவனியுங்கள். மௌனத்துக்கும் அது பொருள் கூறிவிட்டது. இதன் முடிவில் ஒரு நகைமுகம் இட்டாலும் யாரும் வருந்தார்.

இரண்டாவது, மறுத்தல், பிழை திருத்தல், பணம் கேட்டல் ஆகியவற்றில் முகத்தை இடாதீர்கள். கடுமையைக் குறைக்க இட்ட நகை, கேலியாகத் தோன்றும். "இம்முறை இயலாது, காரணம் இது" என்பதே மென்மையானது.

மூன்றாவது, பகிடியாயின் "பகிடிக்குச் சொன்னேன்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் இளைஞர் பகிடிக்கு `/j` என்றும், கிண்டலுக்கு `/s` என்றும், மெய்யாகச் சொல்வதற்கு `/srs` என்றும் வசன முடிவில் இடுவதுண்டு. ஓட்டிசம் உடையோர் பலர் இதனை விரும்புகின்றனர். ஆயினும் `/s` என்பதை மெய் என்பதன் முதலெழுத்தாகக் கொள்வோரும் உளர். குழுவில் முன்னரே பொருளைக் கூறிவைத்தல் நன்று.

நான்காவது, எப்போதும் நகைமுகம் இடுபவர் ஒரு நாள் இடாமல் விட்டால், அதுவும் கோபமெனக் கொள்ளப்படும். அவசரமாயின் "வேலையில் நிற்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

ஐந்தாவது, "இதன் பொருள் என்ன?" என்று ஒருவர் கேட்டால், "இதுகூட விளங்கவில்லையா?" என்னாது பொருளை மாத்திரம் கூறுங்கள். கேட்பவருக்கும் ஒரு வழியுண்டு: "திருத்தம் வேண்டுமென்கிறீர்களா, போதுமென்கிறீர்களா?" என இரண்டிலொன்றைக் கேட்பது, "கோபமா?" என்பதிலும் எளிது, விடையும் தெளிவாக வரும்.

சங்கத்தின் குழுச் செய்திகளை எழுதும் பொறுப்புடையோர் இன்றைய அறிவித்தலிலேயே முதலாவது சோதனையைச் செய்து பார்க்கும்படி கேட்டு, இவ்வளவில் அமைகின்றோம்.